காரீயம்–வெள்ளீயம் ஃபேஸ் டயகிராமும் லிவர் ரூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடெக்டிக் பாடத்தில் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பல கலவைகளுக்குத் தாவாமல், 40% வெள்ளீயமும் 60% காரீயமும் கொண்ட ஒரே கலவையை உருகிய நிலையிலிருந்து கீழே வரை கூட்டிப்போகிறேன். கேட்கிறவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சதவீதம் என்று சொல்லும் இடமெல்லாம் எடைச் சதவீதம்தான், அதுவும் வெள்ளீயத்தின் (Sn) எடைச் சதவீதம். மீதி காரீயம் (Pb).

படத்தைத் திறந்தாலே கோடுகள் மேல் கோடுகளாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு ஓரங்களிலிருந்து. இடது ஓரம் சுத்தமான காரீயம், 327 °C-இல் உருகும். வலது ஓரம் சுத்தமான வெள்ளீயம், 232 °C-இல் உருகும். இந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் ஒவ்வொரு கோடு உள்நோக்கிச் சரிந்து வந்து 61.9%, 183 °C என்ற இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அதுதான் யூடெக்டிக் புள்ளி. சரிந்து வரும் அந்தக் கோடுகள் லிக்விடஸ். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் திரவம்.

அடுத்து 183 °C-இல் கிடக்கும் படுக்கைக் கோட்டைப் பாருங்கள். அது ஓரத்திலிருந்து ஓரம் வரை போகாது. இடப்பக்கம் 18.3%-இல் தொடங்கி வலப்பக்கம் 97.8%-இல் முடிந்துவிடும். காரீயத்தின் படிகத்துக்குள் அதிகபட்சம் 18.3% வெள்ளீயம்தான் கரைந்திருக்க முடியும் என்பதே அந்த இடது முனையின் பொருள். அந்தத் திண்மக் கரைசலுக்கு α என்று பெயர். வலது முனையில் கதை தலைகீழ்: வெள்ளீயத்துக்குள் காரீயம் 2.2% மட்டுமே கரையும், அது β. ஆக 18.3, 61.9, 97.8 என்ற மூன்று எண்களும் 183 என்ற வெப்பநிலையும் தெரிந்தால் படத்தில் பாதி கைக்கு வந்தது மாதிரி. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் சற்று மாறும். கையில் இருக்கும் படத்தில் என்ன இருக்கிறதோ அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

α என்பது காரீயம், β என்பது வெள்ளீயம் என்று எழுதினேன், மார்க் குறைத்துவிட்டார்கள். என்ன தப்பு?

α என்பது காரீயம் இல்லை, வெள்ளீயம் கொஞ்சம் கரைந்திருக்கிற காரீயம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது வெப்பநிலைக்குத் தக்கபடி மாறும். மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை. α-வில் 0% வெள்ளீயம் என்று எடுத்துக்கொண்டால் நெம்புகோலின் ஒரு முனையே தப்பான இடத்தில் போய் நிற்கும், பிறகு விடை எப்படிச் சரியாக வரும்?

இதோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபேஸுக்குள் எத்தனை சதவீதம் வெள்ளீயம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஃபேஸ் மொத்தத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு விடை, அடுத்த கேள்வியில் வரையப்போகும் டை லைனின் முனையிலிருந்து நேராகக் கீழே இறங்கி அச்சில் படிப்பது, கணக்கே கிடையாது. இரண்டாவதுக்குத்தான் லிவர் ரூல். விடைத்தாள்களில் இரண்டும் மாறி மாறி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால், லிவர் ரூலைவிட இதுதான் பெரிய தடை என்று தோன்றுகிறது.

டை லைன் எங்கே வரைய வேண்டும்? லிவர் ரூலில் எதிர்ப்பக்க நீளத்தை எடுக்கச் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

40% கலவையை எடுத்துக்கொள்வோம். அச்சில் 40-இலிருந்து நேர்மேலே ஒரு கோடு போடுங்கள். அது லிக்விடஸைத் தொடும் இடம் சுமார் 238 °C. அதற்குக் கீழே வந்தால் திண்மம் தலைகாட்டத் தொடங்கும். 220 °C-இல் நிறுத்திப் பார்ப்போம். நாம் நிற்கும் இடம் α + L என்று எழுதியிருக்கும் பகுதி. அங்கிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் படுக்கையாக ஒரு கோடு, அந்தப் பகுதியின் எல்லைகளில் முட்டும் வரை. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டக்கூடாது. இதுதான் டை லைன். இடது முனை α மட்டும் இருக்கும் பகுதியின் எல்லையான சாலிடஸில் சுமார் 16%-இல் முட்டும், வலது முனை லிக்விடஸில் சுமார் 48%-இல் முட்டும். அதாவது இப்போது பாத்திரத்தில் இருக்கும் α-வில் 16% வெள்ளீயம், திரவத்தில் 48% வெள்ளீயம்.

இனி அளவு. சூத்திரத்தை மறந்துவிட்டு 1000 கிராம் கலவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் வெள்ளீயம் 400 கிராம். அந்த 400 கிராமும் α-விலும் திரவத்திலும் பிரிந்துதான் இருந்தாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. α-வின் பங்கு W என்றால்:

```
16·W + 48·(1 − W) = 40
W = (48 − 40) / (48 − 16) = 8 / 32 = 0.25
```

α 25%, திரவம் 75%. மேலே வந்திருக்கும் 48 − 40 எது என்று பாருங்கள். அது கலவைப் புள்ளிக்கும் திரவ முனைக்கும் இடையே உள்ள நீளம். α-வின் அளவைக் கேட்டோம், எதிர்ப்பக்க நீளம் தானாகவே வந்து நின்றது. சீசாவில் கனமான பிள்ளை நடுவுக்குக் கிட்டே உட்கார்ந்தால்தான் பலகை சமமாக நிற்கும், இல்லையா? இங்கேயும் கலவைப் புள்ளி எந்த முனைக்குக் கிட்டே இருக்கிறதோ அந்த ஃபேஸ்தான் அதிகம். 40 என்பது 16-ஐவிட 48-க்குக் கிட்டே இருக்கிறது, ஆகவே திரவம் அதிகம். விடை எழுதியதும் இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், எதிர்ப்பக்கம் மாறிப்போயிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

சரிபார்க்க: 250 கிராம் α-வில் 16% என்றால் 40 கிராம். 750 கிராம் திரவத்தில் 48% என்றால் 360 கிராம். கூட்டினால் 400.

இன்னும் குளிரவைத்தால் α-வின் அளவு மட்டும்தான் கூடுமா?

அளவும் கூடும், உள்ளே இருக்கும் வெள்ளீயமும் கூடும். 200 °C-இல் டை லைன் போட்டால் α-வில் சுமார் 17%, திரவத்தில் சுமார் 56%. α-வின் பங்கு 16/39, அதாவது 41%. இரண்டு முனைகளும் வலப்பக்கமாக நகர்ந்திருக்கின்றன. α-விலும் வெள்ளீயம் கூடிவிட்டது, திரவத்திலும் கூடிவிட்டது. இதைக் கேட்டதும், மொத்த வெள்ளீயமே கூடிவிட்டதா என்று சிலர் திகைப்பார்கள். இல்லை. வெள்ளீயம் குறைவாக உள்ள α-வின் பங்கு பெருத்து, வெள்ளீயம் அதிகம் உள்ள திரவத்தின் பங்கு சுருங்குவதால் மொத்தம் அதே 40-இல் நிற்கிறது.

183 °C-இல் லிவர் ரூல் போடச் சொன்னால் எந்த இரண்டு முனையை எடுப்பது?

மிகச் சரியாக 183-இல் போட முடியாது. அந்தக் கோட்டின் மேல் α, β, திரவம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. வெள்ளீயக் கணக்கு ஒன்று, பங்குகளின் கூட்டுத்தொகை 1 என்பது இன்னொன்று, ஆக இரண்டு சமன்பாடுகள். தெரியாதவையோ மூன்று. கிப்ஸின் ஃபேஸ் விதிப்படி பார்த்தாலும் (அழுத்தம் மாறாதபோது) F = 2 − 3 + 1 = 0. வெப்பநிலையும் நகராது, எந்த ஃபேஸின் உட்கலவையும் நகராது. உருகியதைக் குளிரவைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தால் 238 அருகே கோட்டின் சரிவு லேசாக மாறும், 183-இல் கடைசித் துளி உறையும் வரை படுக்கையாக நிற்கும். அந்த நேரம் முழுவதும் மாறிக்கொண்டிருப்பது பங்குகள்தான், அவை எவ்வளவு வெப்பம் வெளியேறியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. படம் அதைச் சொல்லாது.

அதனால்தான் வினாத்தாளில் ‘183-க்குச் சற்று மேலே’ அல்லது ‘சற்றுக் கீழே’ என்று கேட்பார்கள். மேலே என்றால் முனைகள் 18.3, 61.9. கீழே என்றால் 18.3, 97.8.

ப்ரைமரி α, யூடெக்டிக் α, மொத்த α என்று மூன்று கேட்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானே?

α என்ற ஃபேஸ் ஒன்றுதான், பிறந்த நேரம் வேறு. இந்தப் பாடத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது, அவசரப்படாதீர்கள்.

183-க்குச் சற்று மேலே நிற்போம். முனைகள் 18.3, 61.9:

```
ப்ரைமரி α = (61.9 − 40) / (61.9 − 18.3) = 21.9 / 43.6 = 0.502
திரவம்    = 1 − 0.502 = 0.498
```

இதுவரை உறைந்த 50.2% தான் ப்ரைமரி α. 238-இலிருந்து இங்கே வரும்வரை திரவத்துக்குள் கிளை கிளையாக வளர்ந்தது, டென்ட்ரைட். மீதி 49.8% திரவத்தின் உட்கலவை 61.9%, அதாவது அது அச்சு அசலாக யூடெக்டிக் திரவம். 183-ஐத் தாண்டும்போது அந்தத் திரவம் முழுவதும் α-வும் β-வும் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அடுக்கிய அமைப்பாக உறைந்துவிடும். ஆக, சற்று மேலே இருந்த திரவத்தின் பங்கு எவ்வளவோ, சற்றுக் கீழே யூடெக்டிக் அமைப்பின் பங்கும் அவ்வளவே. இதற்குத் தனிக் கணக்கு தேவையில்லை.

இப்போது 183-க்குச் சற்றுக் கீழே. அமைப்பை மறந்து ஃபேஸை மட்டும் கேட்டால் முனைகள் 18.3, 97.8:

```
மொத்த α = (97.8 − 40) / (97.8 − 18.3) = 57.8 / 79.5 = 0.727
மொத்த β = 0.273
```

மொத்த α 72.7%, அதில் ப்ரைமரி 50.2%. வித்தியாசமான 22.5% யூடெக்டிக் அடுக்குகளுக்குள் இருக்கும் α. இது சரிதானா என்று வேறு வழியில் பார்த்துவிடலாம்: 61.9% திரவம் மட்டும் உறைந்தால் அதில் α-வின் பங்கு 35.9/79.5 = 0.452. அதை 0.498-ஆல் பெருக்கினால் 0.225. பொருந்துகிறது. β முழுவதும் அடுக்குகளுக்குள் மட்டுமே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வழக்கமாக நடக்கும் பிழை, யூடெக்டிக்கின் பங்கைக் கேட்கும்போது 18.3-க்கும் 97.8-க்கும் நடுவில் நெம்புகோலைப் போடுவது. யூடெக்டிக் ஒரு ஃபேஸ் அல்ல, இரண்டு ஃபேஸ் சேர்ந்த அமைப்பு. அதன் அளவை அது திரவமாக இருந்த கடைசி நிமிடத்தில்தான் பிடிக்க முடியும்.

அப்போ 183-க்குக் கீழே எல்லாம் முடிந்துவிட்டது, அப்படித்தானே?

திரவம் முடிந்தது, கணக்கு முடியவில்லை. 183-க்குக் கீழே α-வுக்குள் எவ்வளவு வெள்ளீயம் கரையும் என்று காட்டியபடி இடப்பக்கம் இறங்கும் சால்வஸ் கோட்டைப் பாருங்கள், இடது ஓரத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டே போகிறது. குளிரக் குளிர α-வால் முன்போல வெள்ளீயத்தை வைத்துக்கொள்ள முடிவதில்லை. 150 °C-இல் α-வுக்குள் சுமார் 11%, β-வில் சுமார் 99%. மறுபடியும் போட்டால் α = (99 − 40)/(99 − 11) = 59/88 = 67%, β 33%. 72.7-ஆக இருந்த α குறைந்திருக்கிறது, ஏனென்றால் அதிலிருந்து வெளியே தள்ளப்பட்ட வெள்ளீயம் β-வாகப் படிந்துவிட்டது. ப்ரைமரி α-வின் உடம்புக்குள்ளேயே பொடிப்பொடியாக β தெரிவது இதனால்தான்.

லேபில் சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து α-வின் பரப்பை அளந்தோம். கணக்கில் 50% வந்தது, அளவில் 45%தான் வருகிறது. எங்கே தப்பு?

நன்றாகவே அளந்திருக்கிறீர்கள். லிவர் ரூல் தருவது எடைப் பங்கு. வெட்டுமுகத்தில் அளக்கும் பரப்புப் பங்கு கன அளவுப் பங்குக்குச் சமம். இரண்டுக்கும் நடுவில் அடர்த்தி உட்கார்ந்திருக்கிறது. காரீயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 (கிராம்/கன செ.மீ.). ப்ரைமரி α-வுக்குச் சுமார் 10.3 வரும், யூடெக்டிக் அமைப்புக்குச் சுமார் 8.4. ஒவ்வொரு எடையையும் அதனதன் அடர்த்தியால் வகுத்தால்:

```
α-வின் கனப் பங்கு = (0.502/10.3) / (0.502/10.3 + 0.498/8.4) ≈ 0.45
```

காரீயமும் வெள்ளீயமும் அடர்த்தியில் இவ்வளவு தள்ளி நிற்பதால்தான் வித்தியாசம் கண்ணில் படுகிறது. இரண்டு உலோகங்களின் அடர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இதைக் கவனிக்காமலே போயிருப்பீர்கள். அப்புறம், நைட்டாலில் எட்ச் செய்த சாம்பிளில் கருப்பாகத் தெரிவது காரீயம் மிகுந்த α. அடுக்குகளுக்குள் இருக்கும் கருப்புக் கோடுகளை ப்ரைமரியோடு சேர்த்து எண்ணிவிட்டால் எண் எகிறிவிடும். கருப்புத் திட்டுகளை மட்டும் எண்ணுங்கள்.

கடையில் 60/40 சால்டரும் கிடைக்கிறது, 63/37-உம் கிடைக்கிறது. 3% வித்தியாசத்துக்கு என்ன அவ்வளவு?

முதல் எண் வெள்ளீயம். 60/40 கலவை 190 °C-க்கு அருகே உறையத் தொடங்கி 183-இல் முடிக்கும். நடுவில் கொஞ்ச நேரம் கூழ் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கம்பி அசைந்தால் இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாகி, உள்ளே விரிசல் விட வாய்ப்பு உண்டு. 183-க்குச் சற்று மேலே ப்ரைமரி α எவ்வளவு? (61.9 − 60)/43.6, சுமார் 4.4%. அவ்வளவுதான். ஆகவே 60/40-உம் கிட்டத்தட்ட யூடெக்டிக்தான். 63/37 மறுபக்கம் ஒரு பொட்டு தாண்டி நிற்கிறது. அங்கே ப்ரைமரியாக வருவது β, (63 − 61.9)/(97.8 − 61.9), சுமார் 3%. படம் 61.9 என்கிறது, கடை 63 என்கிறது. நடைமுறையில் அது ஒரே வெப்பநிலையில் உருகி உறைவதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கூழ் நிலையே வேண்டும் என்கிறவர்களும் இருந்தார்கள். காரீயக் குழாய்களை இணைத்த பிளம்பர்கள் வெள்ளீயம் 30–35% மட்டுமே உள்ள சால்டரைப் பயன்படுத்தினார்கள். லிக்விடஸுக்கும் 183-க்கும் இடையே 60, 70 டிகிரி இடைவெளி இருப்பதால், திண்மமும் திரவமும் கலந்த அந்தக் கூழைத் துணியால் வழித்து மூட்டைச் சுற்றி உருவாக்க நேரம் கிடைத்தது. நம் 40%-இல் 220 °C-க்கு 25% திண்மம், 200 °C-க்கு 41% என்று கண்டோமே, அவர்கள் கைக்குத் தெரிந்திருந்ததும் அதே விஷயம்தான்.

15% வெள்ளீயக் கலவையில் யூடெக்டிக் வரவே கூடாது. ஆனால் வார்த்து எடுத்த சாம்பிளில் இருக்கிறதே?

படத்தின்படி 15% கோடு 183 °C படுக்கைக் கோட்டைத் தொடாது, அது 18.3-க்கு இடப்புறம். சுமார் 288-இல் உறையத் தொடங்கி 227-இல் முழுத் திண்மமாகிவிட வேண்டும். ஆனால் டை லைனின் முனையில் படிக்கும் எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது: ஃபேஸ் முழுவதும் ஒரே உட்கலவை. திரவத்தில் இது சுலபம். திண்மத்துக்குள் அணுக்கள் நகர்வதோ மிக மெதுவாக. 288-இல் பிறந்த α-வின் நடுப்பகுதியில் 7–8% வெள்ளீயம்தான் இருக்கும், அதைச் சுற்றி வளரும் அடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நடுப்பகுதி வெளியே உள்ளதோடு சமமாவதற்குள் அச்சு குளிர்ந்துவிடுகிறது. இதற்கு கோரிங் என்று பெயர்.

விளைவை லிவர் ரூலை வைத்தே பார்க்கலாம். 227 °C-இல் α-வின் சராசரி 15-க்குப் பதில் 12 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திரவத்தில் அப்போது சுமார் 45%. திரவத்தின் பங்கு (15 − 12)/(45 − 12), சுமார் 9%. உறைந்து முடிந்திருக்க வேண்டிய இடத்தில் இன்னும் 9% திரவம். அது லிக்விடஸ் வழியாகவே இறங்கி 61.9-ஐ எட்டி, டென்ட்ரைட் கிளைகளின் இடுக்குகளில் யூடெக்டிக்காக உறைகிறது. திண்மத்தில் பரவலே இல்லை என்று வைத்துக் கணக்கிடுவது ஷெய்ல் சமன்பாடு. உண்மை அதற்கும் லிவர் ரூலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குளிர்வுக் கோட்டில் 183-இல் சின்னதாக ஒரு நிறுத்தம் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கலவையை 227 வரை சூடாக்கலாம் என்று நம்பி 200-இல் வைத்தால், அந்த இடுக்குகள் மட்டும் உருகிச் சாம்பிள் கெட்டுவிடும். முதலில் 183-க்குக் கீழே நீண்ட நேரம் வைத்து உட்கலவையைச் சமப்படுத்தி, அந்த யூடெக்டிக்கைக் கரைத்துவிட்ட பிறகுதான் மேலே போக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் என் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை.

அச்சைப் பாருங்கள். பல படங்களில் கீழ் அச்சில் அணுச் சதவீதமும் மேல் அச்சில் எடைச் சதவீதமும் இருக்கும், சிலவற்றில் தலைகீழாக. காரீய அணு 207.2, வெள்ளீய அணு 118.7, கனத்தில் ஏகப்பட்ட வித்தியாசம். அதனால் 61.9 எடைச் சதவீதம் என்பது 73.9 அணுச் சதவீதம், நம் 40 எடைச் சதவீதம் 53.8 அணுச் சதவீதம். அணு அச்சில் நெம்புகோலைப் போட்டால் தப்பில்லை, ஆனால் கிடைப்பது அணுக்களின் பங்கு, கிராம்களின் பங்கு இல்லை. கலவையை ஓர் அச்சிலும் முனைகளை இன்னோர் அச்சிலும் படித்தால்தான் வினை. அச்சு சரியாக இருந்தும் ஒத்துப்போகாவிட்டால், டை லைன் படுக்கையாக இருக்கிறதா, அந்த இரண்டு-ஃபேஸ் பகுதியின் எல்லையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் படத்தைக் கண்ணால் படித்ததில் வந்தது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.